நோயாளிகள் வார்டில் விழுவதைக் குறைக்கும் இறுதியாண்டு ப்ராஜெக்ட்: எங்கே தொடங்குவது, எதை அளப்பது

பி.எஸ்சி நர்சிங் இறுதியாண்டில் தர மேம்பாட்டு ப்ராஜெக்ட்டுக்கு "நோயாளிகள் விழுவது" என்ற தலைப்பை எடுக்கும் குழுக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் குறிக்கோள் எழுதுகின்றன: "ஆண்கள் மருத்துவ வார்டில் இரண்டு மாதத்தில் நோயாளிகள் விழுவதை 50 சதவீதம் குறைப்பது." படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு உழைத்தாலும் ஒரு செமஸ்டருக்குள் ஒரு வார்டில் இதை நிரூபிக்க முடியாது. ஏன் முடியாது என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், மீதித் திட்டத்தை எப்படி அமைக்க வேண்டும் என்பது அதிலிருந்தே வந்துவிடும்.

விழுதல் விகிதத்தை உலகெங்கும் 1000 நோயாளி-நாட்களுக்கு இத்தனை என்றுதான் சொல்கிறார்கள். நம் ஊர் மருத்துவமனைகள் என்.ஏ.பி.எச் தரச்சான்றுக்குக் கொடுக்கும் கணக்கும் இதே முறைதான். விழுந்த நிகழ்வுகளின் எண்ணிக்கையை நோயாளி-நாட்களால் வகுத்து 1000-ஆல் பெருக்க வேண்டும். நோயாளி-நாட்கள் என்பது ஒவ்வொரு நாள் நள்ளிரவிலும் வார்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டி வருவது. வார்டின் சென்சஸ் புத்தகத்திலேயே அது இருக்கும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரு மாதிரி வார்டை வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை. 30 கட்டில், சராசரியாக 27 பேர். கடந்த ஆறு மாதத்தில், அதாவது 182 நாளில், 4914 நோயாளி-நாட்கள். பதிவான விழுதல்கள் 12. விகிதம் ஏறக்குறைய 2.4. இதே வேகத்தில் போனால் எட்டு வாரத்தில் எத்தனை பேர் விழுவார்கள்? சுமார் நான்கு பேர். உங்கள் ப்ராஜெக்ட் நடந்த எட்டு வாரத்தில் இரண்டு பேர்தான் விழுந்தார்கள் என்றால் "பாதியாகக் குறைத்துவிட்டோம்" என்று எழுதத் தோன்றும். ஆனால் சராசரி நான்காக உள்ள ஓர் அபூர்வ நிகழ்வு, எதையுமே மாற்றாவிட்டாலும், நான்கில் ஒரு தடவை தற்செயலாகவே இரண்டோ அதற்குக் குறைவாகவோதான் நடக்கும். வைவாவில் புள்ளியியல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

அதனால் குறிக்கோளை விழுதல் எண்ணிக்கையின் மேல் வைக்காதீர்கள். விழுவதற்குக் காரணமான ஒரு குறிப்பிட்ட வேலைமுறையைத் தேர்ந்தெடுங்கள். அது தினமும் நடப்பதாகவும், தினமும் எண்ணக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அதை மாற்றிக் காட்டுங்கள். விழுதல் எண்ணிக்கையைப் பக்கத்தில் பதிவு செய்துகொண்டே வாருங்கள், ஆனால் வெற்றியையோ தோல்வியையோ அதை வைத்து அறிவிக்காதீர்கள்.

முதல் மூன்று வாரம்: பழைய விழுதல்களைப் படிப்பது

எதை "விழுதல்" என்று எண்ணப்போகிறீர்கள் என்பதைக் குழுவாக எழுதி வைத்துவிட்டுத்தான் பதிவேட்டைத் திறக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை எளிமையானது: ஒருவர் தன்னையறியாமல் தரையிலோ, தாழ்வான வேறொரு பரப்பிலோ வந்து கிடப்பது. அடிபட்டதா இல்லையா என்பது இதில் வரவே இல்லை. மயங்கிச் சரிந்தவரை, கூடத் தங்கியிருக்கும் குடும்பத்தாரான அட்டெண்டர் தாங்கிப் பிடித்து மெதுவாகத் தரையில் உட்கார வைத்தால் அது விழுதலா? பல மருத்துவமனைகள் அதையும் "உதவியோடு விழுந்தது" என்று சேர்த்து எண்ணுகின்றன. எண்ணுவதா வேண்டாமா என்பதை மருத்துவமனைக் கொள்கையைப் பார்த்து முடிவு செய்து, கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். நடுவில் மாற்றினால் முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது.

அடுத்தது இன்சிடென்ட் ரிப்போர்ட்டுகள். தரப் பிரிவில் அனுமதி வாங்கி ஆறு மாதத்து ரிப்போர்ட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்தே விஷயங்களைக் குறியுங்கள்: என்ன நேரம், எந்த இடம், என்ன செய்யப் போய் விழுந்தார், கூட யார் இருந்தார், அதற்கு முந்தைய ஆறு எட்டு மணி நேரத்தில் என்ன மருந்து கொடுக்கப்பட்டது. பெயர், ஐ.பி நம்பர் எதுவும் எழுத வேண்டாம், வரிசை எண் போதும். மருந்து விவரம் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் இருக்காது. கேஸ் ஷீட்டைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்த குழுவுக்குக் காரணம் கிடைக்காது.

ரிப்போர்ட் மட்டும் போதாது, ஏனென்றால் நம் வார்டுகளில் எல்லா விழுதலும் ரிப்போர்ட் ஆவதில்லை. அடிபடாமல் விழுந்தவரை அட்டெண்டரே தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்துவிடுவார். சிஸ்டரிடம் சொன்னால் திட்டுவார்களோ என்று சொல்லாமலும் விட்டுவிடுவார். நர்ஸும் மெமோ வருமோ என்ற பயத்தில் எழுதத் தயங்கலாம். அதனால் நைட் டூட்டி பார்க்கும் நர்ஸ்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள். "எத்தனை பேர் விழுந்தார்கள்" என்று கேட்டால் பதில் வராது. "அக்கா, நைட்ல எந்த பேஷன்ட்டை நினைச்சா உங்களுக்கு பயமா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். கட்டில் நம்பரோடு சொல்வார்கள்.

அட்டெண்டர்களிடம் கேட்டாலும் தெரியவரும். "அப்பா ராத்திரி பாத்ரூம் போறப்ப உங்களை எழுப்புவாரா?" "எங்க எழுப்புறாரு, பகலெல்லாம் அலைஞ்ச புள்ள தூங்கட்டும்னு அவரே போயிடுவாரு." இந்த ஒரு பதிலுக்குள் ஒரு ப்ராஜெக்ட்டே இருக்கிறது.

பிறகு ஓர் இரவு, இன்சார்ஜ் அனுமதியோடு, கட்டிலிலிருந்து கழிவறை வரை நீங்களே நடந்து பாருங்கள். விளக்கு அணைத்த பிறகு எவ்வளவு தெரிகிறது, வழியில் யார் பாய் விரித்துப் படுத்திருக்கிறார், சலைன் ஸ்டாண்டின் சக்கரம் எந்த இடத்தில் மாட்டுகிறது, கழிவறை வாசல்படி எவ்வளவு உயரம், உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, தரை எப்போது கழுவப்படுகிறது என்றெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதிரி வார்டில் இப்படித் தேடியதில் 12 விழுதல்களில் 8 கழிவறைக்குப் போகும்போதோ, உள்ளேயோ, திரும்பும்போதோ நடந்தவை என்று வைத்துக்கொள்வோம். அந்த 8-இல் 6 இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் இடையே. அந்த ஆறிலும் நான்கு, அதிகாலை நாலு மணிக்குப் பிறகு. ஆறு பேருக்கும் பக்கத்தில் அட்டெண்டர் இருந்தார், தூங்கிக்கொண்டு. மூன்று பேருக்கு இரவு எட்டு மணிக்கு ஃபியூரோசிமைட் மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தது. இந்த மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீரை இழுக்கும். எட்டு மணிக்குக் கொடுத்தால் நள்ளிரவு தாண்டியும் மனிதர் எழுந்து எழுந்து போக வேண்டியதுதான்.

இப்போது உங்கள் பிரச்சினை "நோயாளிகள் விழுவது" அல்ல. "இரவில் தனியாகக் கழிவறைக்குப் போவது." இதை ஒரு மாணவர் குழு கையாள முடியும்.

ரிஸ்க் ஸ்கேல் பற்றி ஒரு எச்சரிக்கை

உங்கள் மருத்துவமனையில் அநேகமாக மோர்ஸ் ஃபால் ஸ்கேல் படிவம் இருக்கும். ஆறு கேள்வி: முன்பு விழுந்திருக்கிறாரா என்பதற்கு 25, இரண்டாவது நோய் இருந்தால் 15, நடக்க எதைப் பிடிக்கிறார் என்பதற்கு 0, 15 அல்லது 30, ஐ.வி இருந்தால் 20, நடைக்கு 0, 10 அல்லது 20, தன்னால் எவ்வளவு முடியும் என்பதை மறந்து செயல்படுபவருக்கு 15. பல இடங்களில் 45-ஓ அதற்கு மேலோ வந்தால் அதிக ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள்.

ஒரு மருத்துவ வார்டில் இதைப் போட்டுப் பாருங்கள். இதயச் செயலிழப்பும் சர்க்கரையும் உள்ள 68 வயதுக்காரர், கையில் கேனுலா, சுவரையும் கட்டிலையும் பிடித்துப் பிடித்து நடக்கிறார், நடை தளர்வு, புத்தி தெளிவு. இதற்கு முன் விழுந்ததில்லை. 15, 30, 20, 10 கூட்டினால் 75. சரி, இவர் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர்தான். பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு வந்த 40 வயதுக்காரருக்கு பிரெஷர் இருக்கிறது, கேனுலா இருக்கிறது, கொஞ்சம் சோர்வான நடை. 15, 20, 10 என்று அவரும் 45-ஐத் தொட்டுவிடுவார். வார்டில் முக்கால்வாசிப் பேருக்குக் கேனுலாவும் இரண்டாவது நோயும் இருக்கும்போது ஏறக்குறைய எல்லோருமே "அதிக ஆபத்து" ஆகிவிடுகிறார்கள். எல்லோருக்கும் மஞ்சள் பட்டை கட்டினால் யாருக்கும் கட்டாதது மாதிரிதான். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013 வழிகாட்டுதலிலேயே, உள்நோயாளிகளில் யார் விழுவார் என்று கணிக்க இப்படிப்பட்ட ஸ்கேல்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒவ்வொருவரிடமும் மாற்றக்கூடிய காரணம் என்ன என்று பார்க்கச் சொல்கிறது.

மருத்துவமனை விதிப்படி மோர்ஸ் படிவத்தை நிரப்பத்தான் வேண்டும், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் "மோர்ஸ் ஸ்கேல் நிரப்பும் சதவீதத்தை உயர்த்துவது" என்பதை உங்கள் ப்ராஜெக்ட் ஆக்காதீர்கள். படிவம் நிரம்பியதால் யாருடைய கால்களும் உறுதியாவதில்லை. நம் மாதிரி ப்ராஜெக்ட்டுக்கு இரண்டே கேள்வியில் பட்டியல் போடலாம்: எதையாவது பிடிக்காமல் கழிவறை வரை நடக்க முடியுமா? நேற்று இரவு ஒரு தடவையாவது எழுந்து போனாரா? முதலாவதற்கு இல்லை, இரண்டாவதற்கு ஆம் என்றால் அவர் பட்டியலில். 27 பேரில் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். நைட் டூட்டி நர்ஸ் இருவர் இருந்தால் சமாளிக்கக்கூடிய எண்ணிக்கை இது.

ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுப்பது

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கிவிடும் ஆசை வரும். போஸ்டர், மஞ்சள் பட்டை, அட்டெண்டர் வகுப்பு, வழுக்காத செருப்பு, பக்கக் கம்பி என்று. அதைத் தடுக்க ஒரு முக்கியமான ஆய்வைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 6 மருத்துவமனைகளின் 24 வார்டுகளில் நடந்து 2016-இல் வெளியான 6-பேக் ஆய்வில், எச்சரிக்கைப் பலகை, கழிவறையில் துணை, நடைக்கருவியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது, நேரப்படி கழிவறைக்குக் கூட்டிப்போவது, தாழ்வான கட்டில், அலாரம் என்ற ஆறிலிருந்து, ஆபத்து அதிகமுள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் ஒன்றோ பலவோ செயல்படுத்தினார்கள். நர்ஸ்கள் அவற்றை முன்பைவிட அதிகமாகப் பயன்படுத்தவும் செய்தார்கள். ஆனாலும் விழுதல் குறையவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம், அமெரிக்காவில் 14 வார்டுகளில் நடந்து 2020-இல் வெளியான ஃபால் டிப்ஸ் ஆய்வு. அதில் நோயாளியும் குடும்பத்தாரும் கட்டிலருகே நர்ஸோடு உட்கார்ந்து, இவருக்கு என்ன ஆபத்து, அதற்கு என்ன செய்வது என்று சேர்ந்து திட்டம் போட்டார்கள். விழுதல் 15 சதவீதமும், அடிபட்ட விழுதல் 34 சதவீதமும் குறைந்தன. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தெரிவது, நர்ஸ் மட்டும் செய்யும் பட்டியல் வேலையைவிட நோயாளியும் கூட இருப்பவரும் சம்மதித்துச் செய்யும் திட்டத்துக்கு வாய்ப்பு அதிகம் என்பதுதான். நம் வார்டுகளில் கூட இருக்க ஒருவர் எப்போதும் இருக்கிறார். அவரை ப்ராஜெக்ட்டுக்கு வெளியே நிறுத்துவது நியாயமே இல்லை.

எனவே மாதிரி வார்டின் மாற்றம் இது: பட்டியலில் உள்ள ஒவ்வொரு நோயாளியிடமும், விளக்கு அணைக்கும் முன் பத்து மணி வாக்கிலும், அதிகாலை நாலு மணி வாக்கிலும் நர்ஸ் போய், அட்டெண்டரையும் எழுப்பி, "இப்போ பாத்ரூம் போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்பது. ஆம் என்றால் அட்டெண்டரோ நர்ஸோ கூடப் போவது. எழுந்திருக்கவே சிரமப்படுபவருக்கு யூரினலைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது. இரவு ஒன்பது மணிக்கே நோயாளி, அட்டெண்டர் இருவரிடமும் சேர்த்து, ஏன் இப்படிச் செய்கிறோம், நடுவில் எழுந்தால் யாரை எழுப்ப வேண்டும் என்று பேசிவிடுவது.

நாலு மணி என்பது இந்த வார்டின் ரிப்போர்ட்டில் இருந்து வந்த நேரம். உங்கள் வார்டில் அது இரண்டாக இருக்கலாம். ஃபியூரோசிமைட் நேரத்தை நீங்கள் மாற்ற முடியாது, அது டாக்டரின் முடிவு. ஆனால் மூன்று கேஸ் ஷீட்டையும் காட்டி, இரண்டாவது வேளையைப் பிற்பகலுக்குக் கொண்டுவர முடியுமா என்று யூனிட் டாக்டரிடம் இன்சார்ஜ் வழியாகக் கேட்கலாம். கேட்ட தேதியையும் கிடைத்த பதிலையும் குறித்து வையுங்கள்.

குறிக்கோளும் அளவுகளும்

குறிக்கோள் வாக்கியத்தில் யார், என்ன, எவ்வளவு, எப்போதுக்குள் என்ற நான்கும் இருக்க வேண்டும். "14-ஆவது வார முடிவுக்குள், ஆண்கள் மருத்துவ வார்டில் இரவுப் பட்டியலில் உள்ள நோயாளிகளில் 80 சதவீதம் பேரிடம் இரவிலும் அதிகாலையிலும் இரண்டு தடவையும் கழிவறைக்குப் போக வேண்டுமா என்று நர்ஸ் கேட்டிருக்க வேண்டும்." இது செயல்முறை அளவு, உங்கள் வெற்றி தோல்வி இதில்தான். கூடவே வருவது விளைவு அளவு: 1000 நோயாளி-நாட்களுக்கு விழுதல், அத்துடன் ஒரு விழுதலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நாள் என்ற கணக்கு. எண்ணிக்கை குறைவாக உள்ள வார்டில் இடைவெளி நாட்களைப் பார்ப்பதுதான் கூடுதலாகப் புரியவைக்கும்.

மாணவர்கள் மறந்துவிடுவது மூன்றாவது வகையை, சமநிலை அளவை. நாம் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடுகிறதா என்று பார்ப்பது அது. இந்த ப்ராஜெக்ட்டில் மிகப் பெரிய ஆபத்து என்ன தெரியுமா? நோயாளி கழிவறைக்கே போகாமல் செய்துவிட்டால் வழியில் விழ மாட்டார். வேலைப்பளு அதிகமான இரவில், தேவையில்லாதவருக்கும் கதீட்டர் போடுவது, டயப்பர் கட்டுவது, பக்கக் கம்பிகளை ஏற்றிவிடுவது என்று போகக்கூடும். எண் அழகாகக் குறையும், ஆனால் சிறுநீர்த் தொற்று வரும், கால்கள் இன்னும் தளரும், குழப்பத்தில் உள்ளவர் கம்பி மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார். அதனால் வாரா வாரம் ஒரே நாளில் வார்டில் எத்தனை பேருக்குக் கதீட்டர் இருக்கிறது, எத்தனை பேருக்கு டயப்பர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அது ஏறினால் ப்ராஜெக்ட்டை நிறுத்திப் பேச வேண்டும். கூடவே, தூக்கம் கெடுகிறது என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள்.

எண்ணுவது எப்படி

கட்டில் சார்ட்டில் ஒரு டிக் போடும் கட்டம் வைத்து அந்த டிக்குகளை எண்ணினால் போதும் என்று தோன்றும். போதாது. காலை ஆறு மணிக்கு ஹேண்ட்ஓவருக்கு முன் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் பன்னிரண்டு டிக்கும் விழுந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அதில் நர்ஸைக் குறை சொல்ல எதுவும் இல்லை, அவர்களுடைய இரவு அப்படி. உண்மை தெரிய நோயாளியிடமே போங்கள். வாரத்தில் இரண்டு காலை, முன்கூட்டியே சொல்லாத நாட்களில், ஏழரை மணி வாக்கில் பட்டியலில் உள்ள பத்துப் பேரிடம் கேளுங்கள்: "நேத்து ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி சிஸ்டர் வந்து பாத்ரூம் போகணுமான்னு கேட்டாங்களா? விடியக்காலையில?" நோயாளி குழப்பத்தில் இருந்தால் அட்டெண்டரிடம் கேளுங்கள். இரண்டு வேளையும் ஆம் என்றால் மட்டும் ஒன்று. பட்டியலில் பத்துக்கும் குறைவாக இருந்தால் எல்லோரையும்.

இப்படிக் கேட்கும்போது ஒருவர் தனியாகத் தள்ளாடி எழுந்தால் நோட்டை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். கணக்கெடுப்பவர் முதலில் நர்ஸ். இதை ப்ரோபோசலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள், எதிக்ஸ் கமிட்டி கட்டாயம் கேட்கும்.

மாற்றம் தொடங்கும் முன் மூன்று வாரம் இதே முறையில் எண்ணுங்கள். வாரத்துக்கு இரண்டு என்று ஆறு புள்ளி கிடைக்கும். மாதிரி வார்டில் அவை 10, 0, 20, 10, 10, 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இடைநிலை 10. இதை ஒரு கிடைக்கோடாக வரைந்து, அடுத்து வரும் புள்ளிகளை வரிசையாகக் குறித்துக்கொண்டே போவதுதான் ரன் சார்ட். கிராஃப் தாளே போதும். தொடர்ந்து ஆறு புள்ளிகள் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் விழுந்தால் உண்மையான மாற்றம் நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சரியாகக் கோட்டிலேயே விழும் புள்ளியை இதில் சேர்க்கக் கூடாது. "முன்பு, பின்பு" என்று இரண்டு தூண் வரைந்து பி-மதிப்பு போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த வாரத்தில் எது நடந்ததால் ஏறியது, எதனால் இறங்கியது என்பது அந்த இரண்டு தூணுக்குள் காணாமல் போய்விடும்.

சிறிய சோதனைகள்

திட்டமிடு, செய், ஆராய், செயல்படு என்ற பி.டி.எஸ்.ஏ சுழற்சியை எல்லோரும் வட்டமாக வரைகிறார்கள், ஆனால் முதல் சுழற்சியையே முழு வார்டில் ஒரு மாதம் நடத்திவிடுகிறார்கள். முதல் சோதனை ஓர் இரவு, ஒரு நர்ஸ், மூன்று நோயாளி. அவ்வளவுதான். அதற்கு முன், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள். "மூன்று பேருக்கும் சேர்த்து பத்து நிமிடம் ஆகும், மூவரும் வருவார்கள்." மறுநாள் பார்த்தால் 22 நிமிடம் ஆகியிருக்கும். ஒருவர் தூக்கத்தைக் கெடுத்ததற்குக் கோபப்பட்டிருப்பார். இன்னொருவரின் அட்டெண்டர் வராந்தாவில் படுத்திருந்ததால் தேட வேண்டியிருந்திருக்கும். நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இந்த வித்தியாசத்தில்தான் அடுத்த சோதனை பிறக்கிறது.

இரண்டாவது சோதனையில் ஒன்பது மணிக்கே அட்டெண்டரிடம் பேசி, எங்கே படுப்பார் என்று கேட்டு, இரவில் மட்டும் கட்டிலருகே படுக்கச் சொல்லலாம். பேசியபோது "எழுப்பாதீங்க சிஸ்டர்" என்று சொன்னவரை எழுப்ப வேண்டாம், யூரினல் மட்டும் வைத்துவிடலாம். மறுத்தவரிடமும் கேட்டாகிவிட்டது என்பதால் எண்ணிக்கையில் அவர் "ஆம்" ஆவார். ஆனால் எத்தனை பேர் மறுத்தார்கள் என்று தனியாக எழுதுங்கள். பாதிப் பேர் மறுத்தால் உங்கள் நேரத் தேர்வு தவறு என்று அர்த்தம்.

மூன்றாவதில் பெரிய தடை தெரியவரும். நாலு மணி என்பது நைட் நர்ஸுக்கு நெருக்கடியான நேரத்தின் தொடக்கம். ரத்த சாம்பிள், சுகர் செக், பிரெஷர், ஊசி என்று எல்லாம் அடுத்தடுத்து வரும். பன்னிரண்டு பேருக்குத் தனியாக இன்னொரு சுற்று என்றால் ஒரு வாரத்தில் நின்றுவிடும். எனவே சாம்பிள் எடுக்கக் கட்டிலருகே போகும் அதே தடவையில் கேட்பது என்று மாற்றிப் பாருங்கள். ஏற்கெனவே நடக்கும் வேலையின் மேல் ஏற்றி வைத்தது நிலைக்கும், புதிதாக நேரம் கேட்பது நிலைக்காது.

மாதிரி வார்டின் புள்ளிகள் இப்போது 30, 40, 30 என்று ஏறி, திடீரென 20-க்கு இறங்குகின்றன. விசாரித்தால் அந்த வாரம் வேறு வார்டிலிருந்து ரிலீவர் வந்திருப்பார், அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான்காவது சோதனை: ஹேண்ட்ஓவர் தாளில் இரவுப் பட்டியலுக்கு ஒரு கட்டம். பிறகு 50, 60, 70, 60. ஆறு புள்ளிக்கு மேல் கோட்டுக்கு மேலேயே இருப்பதால் மாற்றம் உண்மை. 80 எட்டவில்லை. அதை அப்படியே எழுதுங்கள். 20-க்கு இறங்கிய புள்ளிக்கான விளக்கம்தான் உங்கள் ரிப்போர்ட்டிலேயே மற்ற வார்டுகளுக்கு அதிகம் பயன்படும் பத்தி.

ஒன்றை வழிகாட்டி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ப்ராஜெக்ட் தொடங்கியதும் பதிவாகும் விழுதல்கள் கூடலாம். நர்ஸ்களும் அட்டெண்டர்களும் பயமில்லாமல் சொல்லத் தொடங்கியதன் விளைவாக அது இருக்கலாம். உண்மையிலேயே அதிகம் பேர் விழுகிறார்களா, அதிகம் சொல்கிறார்களா என்பதைப் பிரிக்க, அடிபட்ட விழுதல்களைத் தனியாகப் பாருங்கள். தையல் போட்டதையோ எலும்பு முறிந்ததையோ முன்பும் யாரும் மறைத்திருக்க முடியாது. அது கூடாமல், அடிபடாத விழுதல் மட்டும் கூடியிருந்தால், பெரும்பாலும் பதிவுதான் மேம்பட்டிருக்கிறது.

அனுமதியும் கால அட்டவணையும்

ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை வழிகாட்டுதல், நிறுவனத்துக்குள் நடக்கும் தரக் கட்டுப்பாட்டு, தர உறுதி ஆய்வுகளை எதிக்ஸ் கமிட்டியின் பரிசீலனையிலிருந்து விலக்கு தரக்கூடியவற்றில் சேர்த்திருக்கிறது. ஆனால் விலக்கு உண்டா என்பதை நீங்களே தீர்மானிக்க முடியாது, கமிட்டிதான் சொல்ல வேண்டும். நோயாளிகளிடம் கேள்வி கேட்கிறீர்கள், கேஸ் ஷீட் பார்க்கிறீர்கள் என்பதால் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட், தரப் பிரிவு, வார்டு இன்சார்ஜ் மூவரின் எழுத்து அனுமதியும் வேண்டும். இன்சார்ஜைக் கையெழுத்துக்கு மட்டும் பார்க்காமல், குறிக்கோள் வாக்கியத்தை எழுதும்போதே கூட வைத்துக்கொள்ளுங்கள். நைட் டூட்டி நர்ஸ் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். இரவு வேலையைப் பகலில் இருப்பவர்கள் மட்டும் திட்டமிட்டால் மூன்றாவது சோதனையைத் தாண்டாது.

பதினாறு வாரம் இருக்கிறது என்றால் முதல் மூன்று அனுமதிக்கும் பழைய ரிப்போர்ட்டுக்கும், அடுத்த மூன்று மாற்றத்துக்கு முந்தைய எண்ணிக்கைக்கும், ஏழிலிருந்து பதினான்கு வரை சோதனைகளுக்கும். ரிப்போர்ட்டை, தர மேம்பாட்டு வேலைகளை எழுதுவதற்கென்றே உள்ள ஸ்குவயர் 2.0 வழிகாட்டுதலின் தலைப்புகளில் எழுதினால் எதுவும் விடுபடாது.

கடைசி இரண்டு வாரத்தை எழுதுவதற்கு மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். அந்த இரண்டு வாரமும் நீங்கள் வார்டில் எந்த வேலையும் செய்யாமல், யாரையும் நினைவுபடுத்தாமல், காலையில் போய் எண்ணிக்கை மட்டும் எடுங்கள். பட்டியல் போடுவது, அட்டெண்டரிடம் பேசுவது எல்லாம் வார்டு நர்ஸ்கள் கையில். நான்கு புள்ளி கிடைக்கும். அவை 60-ஐ ஒட்டியே இருந்தால், ஹேண்ட்ஓவர் கட்டத்தை நிரந்தரமாக அச்சிடும்படி இன்சார்ஜிடம் கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. 20-க்குச் சரிந்தால், அதுவரை வேலையைத் தூக்கிப் பிடித்தது மாணவர்களின் கைகள்தான் என்று ரிப்போர்ட்டில் எழுதி, பட்டியலை யார் எத்தனை மணிக்குப் போடுவது என்பதை அடுத்த பேட்ச் சோதிக்க வேண்டிய முதல் கேள்வியாகக் குறித்து, படிவங்களோடு வார்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.